குமுளி மசாலாக் கடையின் இணையதளத் தணிக்கை: 312 பிழைகளில் எதை முதலில் சொல்வது?

கம்பம்மெட்டு:
அனைவருக்கும் வணக்கம். குமுளியில் மசாலாப் பொருள் கடை நடத்தும் ஒரு பெரியவருக்காக, அவருடைய இணையதளத்தைத் தேடுபொறி நோக்கில் தணிக்கை செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். 9,000 ரூபாய் பேசி, பாதியை முன்பணமாக வாங்கிவிட்டேன். கட்டணம் வாங்கிச் செய்யும் முதல் தேடல் தணிக்கை இதுதான்.

ஏலக்காய், மிளகு, கிராம்பு, பட்டை எல்லாம் மதுரை, திருப்பூர், சென்னை என்று கூரியரில் போய்க்கொண்டிருந்தன. ஜூன் மாதம் எர்ணாகுளத்தில் ஒருவரிடம் கொடுத்துத் தளத்தைப் புதிதாகக் கட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் பிறகு வெளியூர் ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது.

தளத்தில் தொண்ணூறு பக்கம் போல இருக்கும். ஒரு தணிக்கைக் கருவியை ஓட்டினேன். 100க்கு 61 மதிப்பெண், 312 பிழைகள், 46 பக்கப் பிடிஎஃப். படங்களுக்கு மாற்று உரை இல்லை என்பது மட்டும் 190. பக்க விவரணை இல்லை என்பது 64. தலைப்பு நீளம் என்பது 41. மீதியெல்லாம் சில்லறை. பிடிஎஃபைக் காட்டினேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "தம்பி, இதில் நாளைக் காலையில் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எந்த வரிசையில் சொல்வது, எப்படி எழுதிக் கொடுப்பது?

கொழிஞ்சாம்பாறை:
கட்டணத் தேடல் என்றால் முதலில் விளம்பரக் கணக்கைத் திறந்து, எந்தெந்தத் தேடல் சொற்களுக்குக் காசு போயிருக்கிறது என்று பாருங்கள். ஏலக்காய்ச் செடி, ஏலக்காய் விவசாயம் என்று தேடுகிறவர்களுக்கெல்லாம் விளம்பரம் காட்டிக் காசு கரைந்துகொண்டிருக்கும். அந்தச் சொற்களை விலக்குப் பட்டியலில் போடுங்கள். கடையின் சொந்தப் பெயருக்கே விளம்பரம் ஓடுகிறதா என்றும் பாருங்கள். என் அனுபவத்தில் பாதிப் பணம் இந்த இரண்டில்தான் போகும்.

கம்பம்மெட்டு:
நன்றி அண்ணா. அவர் விளம்பரம் எதுவும் கொடுப்பதில்லை. நான் சொன்னது, தணிக்கைக்கு நான் வாங்கும் கட்டணத்தை. விளம்பரம் இல்லாமல் தேடலில் வருகிறவர்கள் ஏன் குறைந்தார்கள் என்பதுதான் கேள்வி.

குழித்துறைக்காரர்:
தம்பி, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. வேகத்தைப் பாருங்கள். புதிதாகக் கட்டிய தளம் என்றாலே பெரிய பெரிய படங்களைப் போட்டு வைத்திருப்பார்கள். பேஜ்ஸ்பீடில் மொபைல் மதிப்பெண் 50க்குக் கீழே இருந்தால் கூகுள் கீழே தள்ளிவிடும். அதை 90க்கு ஏற்றுங்கள், மற்றதெல்லாம் தானாகச் சரியாகும். பிறகு அந்த 190 படத்துக்கும் மாற்று உரை எழுதிவிடுங்கள்.

மறையூர்_விடுதி:
நான் இந்த வேலை தெரிந்தவன் அல்ல. விடுதி நடத்துகிறேன். இப்படியொரு அறிக்கையைக் காசு கொடுத்து வாங்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். எனக்கு வந்ததும் பிடிஎஃப்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டங்கள், பக்கத்துக்கு ஒரு வரைபடம். அறை ஏன் நிரம்பவில்லை என்பதற்கு அதில் ஒரு வரி இல்லை. யாரிடம் கொடுத்துச் சரிசெய்வது, எவ்வளவு செலவாகும், செய்தால் எத்தனை நாளில் தெரியும் என்பதும் இல்லை. அந்தப் பெரியவர் கேட்டது சரியான கேள்வி. அதற்கு மட்டும் பதில் எழுதிக் கொடுங்கள், 9,000 ரூபாய் தகும்.

சோகநாசினிக்கரை:
கம்பம்மெட்டு தம்பி, அந்தப் பிடிஎஃபை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். கருவிக்கு அந்தக் கடையைத் தெரியாது. எந்தப் பக்கம் ஆர்டர் கொண்டுவந்தது, எந்தப் பக்கத்தை யாருமே பார்த்ததில்லை என்ற வேறுபாடு அதனிடம் இல்லை. அதற்கு 312ம் ஒன்றுதான்.

கூகுள் தேடலிலிருந்து தளத்துக்கு யார் எப்படி வந்தார்கள் என்று கூகுளே காட்டும் சர்ச் கன்சோலிலிருந்து தொடங்குங்கள். கடைக்காரரிடம் கடவுச்சொல் கேட்காதீர்கள். உங்கள் மின்னஞ்சலை ஒரு பயனராகச் சேர்க்கச் சொன்னால் போதும், வேலை முடிந்ததும் அவரே நீக்கிவிடலாம். அதில் 16 மாதக் கணக்கு இருக்கும். மூன்று மாதத்தை, சென்ற ஆண்டின் அதே மூன்று மாதத்தோடு ஒப்பிடுங்கள். அதற்கு முந்தைய மூன்று மாதத்தோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். குமுளியில் கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம், மே மாதம் சுற்றுலாக் கூட்டம், மழைக்காலத்தில் சாலையே வெறிச்சோடிக் கிடக்கும். மழைக்காலத்தை மே மாதத்தோடு ஒப்பிட்டால் எந்தத் தளமும் சரிந்ததாகத்தான் தெரியும்.

அடுத்து, கடைப் பெயரைச் சொல்லித் தேடியவர்களையும் பொருளைச் சொல்லித் தேடியவர்களையும் பிரித்துப் பாருங்கள். தேடல் சொல் வடிகட்டியில் கடைப் பெயரைப் போட்டு ஒருமுறை, அதை விலக்கி ஒருமுறை. இரண்டையும் கூட்டினால் மொத்தம் வராது. மிகச் சிலர் மட்டுமே தேடிய சொற்களைக் கூகுள் மறைத்துவிடும், வடிகட்டியதும் அவை விழுந்துவிடும். அதற்காகக் கலங்க வேண்டாம், இரண்டில் எது சரிந்தது என்பதுதான் நமக்கு வேண்டியது.

பிறகு பக்கங்கள் என்ற தாவலில், கிளிக் வித்தியாசத்தை வைத்து வரிசைப்படுத்துங்கள். அதிகம் இழந்த பத்துப் பக்கங்களை இங்கே சொல்லுங்கள். மீதியைப் பிறகு பேசுவோம்.

குழித்துறைக்காரர் அண்ணாச்சி, வேகம் முக்கியம்தான். ஆனால் பேஜ்ஸ்பீடில் பெரிதாகத் தெரியும் அந்த மதிப்பெண், ஓர் ஆய்வகச் சோதனையின் முடிவு. தரவரிசைக்குக் கூகுள் பார்ப்பது, உண்மையில் வந்துபோனவர்களின் அனுபவத்தை. முக்கியப் படம் 2.5 வினாடிக்குள் வருகிறதா என்பது போன்ற அளவுகள் அதில் உண்டு. இவ்வளவு சிறிய தளத்துக்கு அந்தத் தரவே போதுமான அளவு சேர்ந்திருக்காது. அப்படியே சேர்ந்திருந்தாலும், வேகம் மட்டும் ஒரு கடையின் வரத்தைப் பாதியாக்காது.

கம்பம்மெட்டு:
பார்த்துவிட்டேன் அக்கா. ஜூலை முதல் செப்டம்பர் வரை, சென்ற ஆண்டு மொத்தக் கிளிக் 2,140. இந்த ஆண்டு 890. கடைப் பெயரைச் சொல்லித் தேடியவை 410லிருந்து 390. ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. பெயர் இல்லாதவை 1,180லிருந்து 310. நீங்கள் சொன்னது போலக் கூட்டினால் மொத்தம் வரவில்லை.

அதிகம் இழந்த பத்துப் பக்கங்களில் ஒன்பதுக்கு இந்த ஆண்டு கிளிக் பூஜ்யம். எல்லாமே பழைய முகவரிகள். முன்பு `/product/` என்று தொடங்கிய பொருள் பக்கங்கள் இப்போது `/shop/` என்று தொடங்குகின்றன. முதலிடத்தில் இருப்பது 8 மி.மீ. ஏலக்காய்ப் பக்கம், அதற்கு மட்டும் 365 கிளிக் இருந்திருக்கிறது. நான்காவது இடத்தில், ஏலக்காயைப் பச்சை நிறம் மாறாமல் எப்படிச் சேமிப்பது என்ற தமிழ்க் கட்டுரை. அது புதிய தளத்தில் இல்லவே இல்லை.

கூரியர் ரசீதுப் புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பெரும்பாலான ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருவதால் தளத்தின் கணக்கில் எதுவும் பதிவாகவில்லை. ரசீதில் ஊரும் பின்கோடும் இருக்கின்றன. சென்ற ஆண்டு ஆகஸ்டில் 96 பார்சல், இந்த ஆண்டு ஆகஸ்டில் 41.

சோகநாசினிக்கரை:
ரசீதுப் புத்தகத்தைப் பார்த்தது மிக நல்ல வேலை. கடைக்காரர் நம்புகிற கணக்கு அதுதான். அறிக்கையில் முதல் வரியாக அதைப் போடுங்கள்.

இப்போது பழைய முகவரி ஒவ்வொன்றும் என்ன பதில் தருகிறது என்று பாருங்கள். உலாவியில் பார்த்தால் சில நேரம் தெளிவாகத் தெரியாது. இப்படிக் கேளுங்கள்:

```
curl -I https://example.com/product/elakkai-8mm/
```

முதல் வரியில் 301 என்று வந்து, `location` என்ற வரியில் புதிய முகவரி இருந்தால் சரி. 404 என்று வந்தால், கூகுள் பல ஆண்டுகளாக அறிந்து வைத்திருந்த பக்கம் செத்துவிட்டது என்று பொருள்.

குழித்துறைக்காரர்:
வேர்ட்பிரஸ் என்றால் முகவரி மாறும்போது அதுவே பழையதிலிருந்து புதியதற்குத் திருப்பிவிடுமே? என் தளத்தில் நானே பார்த்திருக்கிறேன். அப்படியே 404 வந்தாலும் கவலை வேண்டாம். 404 எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும் பிளகின் இருக்கிறது, ஒரு நிமிட வேலை.

சோகநாசினிக்கரை:
நீங்கள் பார்த்தது உண்மைதான் அண்ணாச்சி. அதே தளத்துக்குள் ஒரு பக்கத்தின் பெயரை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய பெயரை நினைவில் வைத்துக்கொண்டு திருப்பிவிடும். ஆனால் இங்கே பழைய தளத்தையே எடுத்துவிட்டுப் புதிதாக நிறுவியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. புதிய நிறுவலுக்குப் பழைய பெயர் எதுவும் தெரியாது.

முகப்புக்குத் திருப்புவதை மட்டும் செய்துவிடாதீர்கள். ஏலக்காய்ப் பக்கத்தின் இடத்தில் முகப்புப் பக்கம் வந்து நின்றால், அதைப் பக்கம் இல்லாததாகவே கூகுள் எடுத்துக்கொள்ளும். பழைய பக்கம் சேர்த்த மதிப்பு புதிய பக்கத்துக்குப் போகாது. 8 மி.மீ. ஏலக்காய் கேட்டு வந்தவரும் முகப்பில் நின்று தேடிவிட்டுப் போய்விடுவார். இன்னொரு தொல்லை, பிழைப் பட்டியலில் 404 எல்லாம் மறைந்துவிடுவதால் சரியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பழைய பக்கத்துக்கும் அதற்கு நேரான புதிய பக்கத்தைக் காட்டுங்கள். நேரான பக்கம் இல்லையென்றால் அந்தப் பொருள் இருக்கும் வகைப் பக்கத்தைக் காட்டலாம். அதுவும் இல்லையென்றால் 404 ஆகவே இருக்கட்டும்.

கம்பம்மெட்டு:
ஒன்பதும் 404 தான். மொத்தம் 37 பழைய பொருள் பக்கங்களை எடுத்துப் பார்த்தேன், ஒன்றுகூடத் திரும்பவில்லை. எக்ஸெலில் இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது என்று போட்டுவிட்டேன். எர்ணாகுளத்துக்காரரிடம் இன்றே கொடுத்துவிடலாமா?

சோகநாசினிக்கரை:
கொடுப்பதற்கு முன் ஒன்று. வலது பக்கத்தில் எழுதியிருக்கும் புதிய பக்கங்கள் கூகுளில் இருக்கின்றனவா என்று பார்த்தீர்களா? சர்ச் கன்சோலின் மேலே உள்ள பெட்டியில் புதிய ஏலக்காய்ப் பக்கத்தின் முகவரியைப் போட்டு, என்ன சொல்கிறது என்று பாருங்கள். பழைய பக்கம் போய் நான்கு மாதமாகியும் புதியது ஒரு கிளிக்கும் வாங்கவில்லை என்றால், வெறும் 404 மட்டும் காரணமாக இருக்காது.

கம்பம்மெட்டு:
அக்கா, நீங்கள் சந்தேகப்பட்டது சரி. "Excluded by 'noindex' tag" என்று வருகிறது. `/shop/` பக்கங்கள் எல்லாமே அப்படி. முகப்பும் தொடர்புப் பக்கமும் மட்டும் நன்றாக இருக்கின்றன. பிளகின் அமைப்பில், பொருள் பக்கங்களைத் தேடலில் காட்டாதே என்று வைத்திருக்கிறார்கள். தளத்தைக் கட்டும்போது சோதனைக்காக வைத்து, எடுக்க மறந்திருப்பார்கள் போல.

கருவியின் அறிக்கையைத் திரும்பப் பார்த்தேன். இது 38வது பக்கத்தில், "அறிவிப்பு" என்ற சாம்பல் நிறப் பகுதியில் இருக்கிறது. மாற்று உரை இல்லாதது சிவப்பில் இருக்கிறது!

சோகநாசினிக்கரை:
இப்போது கடைப் பெயர்த் தேடல் ஏன் குறையவில்லை என்பதும் புரிந்திருக்கும். முகப்பு அப்படியே இருக்கிறது, பெயர் தெரிந்தவர்கள் அங்கே வந்துவிடுகிறார்கள். பொருளைத் தேடுகிறவர்களுக்குக் கடையே இல்லை.

வரிசையும் இதிலேயே வந்துவிட்டது. முதலில் noindex போக வேண்டும். அதை எடுக்காமல் 37 பக்கங்களையும் திருப்பினால், கூகுளைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், உள்ளே வராதே என்ற பக்கத்தில் நிறுத்துகிறீர்கள். அது போனபின் திருப்புதல். இவை இரண்டும் ஒரே நாளில் முடிகிற வேலைதான், வரிசை மட்டும் மாறக் கூடாது. திருப்புதல்களைக் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எடுக்காமலே விட்டுவிடுவது இன்னும் நல்லது.

ஒன்றை முன்னால் வைக்கலாமா என்று முடிவுசெய்ய, நான் என்னையே கேட்டுக்கொள்வது இதுதான்: இது காசு கொண்டுவரும் பக்கத்தைத் தொடுகிறதா, இழப்பு எண்ணில் தெரிகிறதா, யார் எத்தனை நேரத்தில் செய்ய முடியும். noindex மூன்றிலும் முதலில் நிற்கிறது. 190 மாற்று உரை முதல் கேள்வியிலேயே விழுந்துவிடுகிறது. அது பார்வையற்றோருக்கு உதவும், படத் தேடலுக்கும் கொஞ்சம் உதவும், செய்ய வேண்டியதுதான். ஆனால் ஆர்டர் குறைந்ததற்கு அது காரணமல்ல.

நகரி_தறி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் நகரியில் தறிச் சேலை விற்கிறேன். வேலூர், திருத்தணி பக்கத்திலிருந்துதான் வாடிக்கையாளர்கள். எனக்குத் தளத்தைவிட மேப்பில்தான் ஆள் வருகிறார்கள். கடைப் பெயரோடு "குறைந்த விலைச் சேலை மொத்த விற்பனை" என்று சேர்த்ததும் மேலே வந்தேன். பிறகு ஒருநாள் கடையே மேப்பில் காணாமல் போனது. குமுளிக் கடைக்கும் இதைப் பாருங்கள்.

சோகநாசினிக்கரை:
பலகையில் இல்லாத சொற்களைப் பெயரோடு சேர்ப்பது கூகுளின் விதிக்கு எதிரானது. யாராவது புகார் செய்தால் முடக்கிவிடக்கூடும். பலகையில் உள்ள பெயரை மட்டும் வைத்து, பலகை தெரியும்படி கடைப் படமும் உரிமமும் கொடுத்து மேல்முறையீடு செய்யுங்கள். மொத்த விற்பனை என்பதை வகையிலும் விவரணையிலும் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் மேப்பைப் பாருங்கள் என்று சொன்னது நல்ல யோசனை. தம்பி, குமுளிக் கடையின் மேப் பதிவில் இணையதளம் என்ற பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

கம்பம்மெட்டு:
அழுத்தினேன். பழைய தொடர்புப் பக்கத்துக்குப் போய் 404 காட்டுகிறது. தேக்கடிக்கு வருகிற எத்தனை பேர் இதை அழுத்திவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்களோ. இதை அவர் கைப்பேசியிலேயே ஐந்து நிமிடத்தில் மாற்றலாம்.

அறிக்கையின் முதல் பகுதியை எழுதிவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள்:

*"தங்கள் தளத்தின் பொருள் பக்கங்களில் noindex குறிச்சொல் இடம்பெற்றுள்ளதால் அவை அட்டவணைப்படுத்தலிலிருந்து விலக்கப்பட்டுள்ளன. மேலும் 37 பழைய முகவரிகள் 404 நிலைக்குறியீட்டைத் தருகின்றன. 301 திருப்புதல் பரிந்துரைக்கப்படுகிறது."*

மறையூர்_விடுதி:
எனக்குப் புரியவில்லை. பெரியவருக்கும் புரியாது.

சோகநாசினிக்கரை:
எழுதியிருப்பதில் தவறில்லை. ஆனால் இதை எர்ணாகுளத்துக்காரருக்கான தாளில் வையுங்கள். கடைக்காரருக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

*"சென்ற ஆண்டு ஆகஸ்டில் 96 பார்சல் போயிருக்கிறது. இந்த ஆண்டு 41. உங்கள் கடைப் பெயரைத் தெரிந்து தேடுகிறவர்கள் குறையவில்லை. ஏலக்காய், மிளகு என்று பொருளைத் தேடி வந்துகொண்டிருந்தவர்கள்தான் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டார்கள்.*

*காரணம் இரண்டு. புதிய தளத்தில் பொருள் பக்கங்களைக் கூகுளில் காட்ட வேண்டாம் என்ற அமைப்பு ஜூன் மாதத்திலிருந்து அப்படியே இருக்கிறது. அதோடு, கடை இடம் மாறியபோது பழைய கதவில் புது முகவரியை எழுதி ஒட்டவில்லை. பழைய லிங்க்கில் வருகிறவர்கள் வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.*

*முதல் வேலை, அந்த அமைப்பை எடுப்பது. செய்ய வேண்டியவர் தளம் கட்டியவர். அரை மணி நேரம் ஆகும். இரண்டாவது, 37 பழைய லிங்க்குகளைப் புதிய பக்கங்களோடு இணைப்பது. செய்ய வேண்டியவர் அவரே, பட்டியல் நான் தந்திருக்கிறேன், அரை நாள் ஆகும். மூன்றாவது, மேப்பில் உள்ள லிங்க்கை மாற்றுவது. அதை நாம் இருவரும் சேர்ந்து இன்றே செய்யலாம்.*

*வேலை முடிந்ததா என்று நீங்களே பார்க்கலாம். இந்தத் தாளின் பின்பக்கம் உள்ள ஐந்து பழைய லிங்க்குகளைக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றும் அந்தந்தப் பொருளின் பக்கத்துக்குப் போக வேண்டும்."*

இதற்குக் கீழே, எதை உறுதி சொல்ல முடியாது என்று ஒரு பத்தி. கூகுள் பக்கங்களைத் திரும்பச் சேர்க்கச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். பழைய இடம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா என்பது தெரியாது, நான்கு மாதத்தில் வேறு கடைகள் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். இதை எழுத்தில் வைத்துவிடுங்கள். முதலிடம் வாங்கித் தருகிறேன் என்ற சொல் அறிக்கையில் எங்கும் வரக் கூடாது.

முதல் தாள் கடைக்காரருக்கு, இரண்டாம் தாளும் எக்ஸெலும் தளம் கட்டியவருக்கு. அந்த 46 பக்கத்தை வேண்டுமானால் மின்னஞ்சலில் தனியாக அனுப்புங்கள், அச்சடித்துக் கொடுக்காதீர்கள்.

மறையூர்_விடுதி:
இது புரிகிறது. அந்தப் பின்பக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்கு அறிக்கை கொடுத்தவர், வேலை முடிந்தது என்றார். முடிந்ததா என்று பார்க்க எனக்கு வழியே இல்லை.

குழித்துறைக்காரர்:
வரிசையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தம்பி, முகப்பில் உள்ள படத்தின் அளவை ஒருமுறை பாருங்கள். மலைப்பாதையில் சிக்னல் விட்டுவிட்டு வரும். அங்கே ஒருவர் திறந்தால் என்ன ஆகும்?

கம்பம்மெட்டு:
பார்த்தேன் அண்ணாச்சி, முகப்பில் ஒரே படம் 4 எம்பி. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறும்போது திறந்து பார்த்தேன், பாதி வந்து நின்றுவிட்டது.

சோகநாசினிக்கரை:
அண்ணாச்சி சொல்வது சரி. தரவரிசைக்காக இல்லாவிட்டாலும் வாங்குகிறவருக்காகச் செய்ய வேண்டும். நான்காவது வேலையாகச் சேருங்கள், படத்தைச் சுருக்கிப் போட்டால் முடிந்தது.

கொழிஞ்சாம்பாறை:
தம்பி, 9,000 குறைவு. நான் தணிக்கையை இலவசமாகக் கொடுத்துவிட்டு, சரிசெய்யும் வேலைக்குக் காசு வாங்குகிறேன். வாடிக்கையாளரும் தயங்காமல் வருகிறார்.

சோகநாசினிக்கரை:
நான் அப்படிச் செய்வதில்லை. சரிசெய்வதில்தான் வருமானம் என்றால், பிழைகள் நிறைய இருப்பதாகக் காட்டத்தான் மனம் போகும். இந்தக் கடையில் அரை நாள் வேலைதான் இருக்கிறது என்று சொல்ல முடிவதற்குக் காரணம், கண்டுபிடித்ததற்கே காசு வாங்கியிருப்பது.

கொழிஞ்சாம்பாறை:
நேர்மை ஆளைப் பொறுத்தது அக்கா. சிறிய கடைக்காரர் கண்டுபிடிக்கவும் காசு, சரிசெய்யவும் காசு என்றால் இரண்டு முறை யோசிப்பார். எங்கள் பக்கம் தணிக்கைக்கென்று தனியாக யாரும் கொடுப்பதில்லை.

கம்பம்மெட்டு:
இன்னொரு கேள்வி. அந்தத் தமிழ்க் கட்டுரையை என்ன செய்வது? பழைய காப்பு அவரிடம் இருக்கிறது. 140 கிளிக் வந்திருக்கிறது, ஆனால் அதைப் படித்தவர்கள் வாங்கினார்களா என்று தெரியவில்லை. எர்ணாகுளத்துக்காரர் மலையாளம், தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழியிலும் எல்லாப் பக்கங்களையும் போடலாம் என்கிறார்.

நகரி_தறி:
கண்டிப்பாகப் போடுங்கள். நான் தெலுங்கில் மட்டும் வைத்திருந்தபோது திருத்தணிக்காரர்கள் யாரும் வரவில்லை.

சோகநாசினிக்கரை:
கட்டுரையைத் திரும்பப் போடுங்கள், அதே முகவரியில் போட முடிந்தால் திருப்புதலே வேண்டாம். கட்டுரையின் நடுவில் 8 மி.மீ. ஏலக்காய்ப் பக்கத்துக்கு ஒரு லிங்க் வையுங்கள், வாங்குகிறார்களா என்பது அப்போது தெரியும்.

மூன்று மொழி விஷயத்தில் நான் தயங்குகிறேன். தேடல் சொற்களின் பட்டியலில் தமிழ் எழுத்தில் எத்தனை, ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ் எத்தனை, மலையாளம் எத்தனை என்று எண்ணுங்கள். பார்சல் எல்லாம் தமிழ்நாட்டுக்குப் போகும்போது, மலையாளப் பக்கத்தை யார் பராமரிப்பது? மூன்று மடங்கு பக்கங்களில் விலை மாற்ற வேண்டும், ஏலக்காய் விலை ஏறி இறங்கும்போதெல்லாம். ஒரு மொழியில் பழைய விலை நின்றுபோனால் சண்டைதான். கடை குமுளியில் இருக்கிறது, கேட்கிறவர்கள் மலையாளிகளும்தான் என்று எர்ணாகுளத்துக்காரர் சொன்னால், அதிலும் நியாயம் இருக்கிறது. இப்போதைய அறிக்கையில் இதை ஒரு கேள்வியாக மட்டும் வையுங்கள்.

கம்பம்மெட்டு:
தாமதமாக வந்து எழுதுகிறேன். இரண்டு தாளாகக் கொடுத்தேன். பெரியவர் முதல் தாளைக் கடைப் பையனிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். பின்பக்க லிங்க்குகளை அவரே தட்டிப் பார்த்தார். அங்கிருந்தே எர்ணாகுளத்துக்குப் போன் செய்து, எண் போட்ட வரிசையில் ஒவ்வொன்றாகக் கேட்டார். noindex அன்று மாலையே போய்விட்டது. திருப்புதல்கள் இரண்டு நாளில் முடிந்தன. மீதிப் பணமும் வந்துவிட்டது.

37ல் 29 பக்கங்கள் இப்போது கூகுளில் சேர்ந்துவிட்டன. எட்டு மட்டும் "Crawled - currently not indexed" என்று நிற்கின்றன. அந்த எட்டுக்கும் மீண்டும் மீண்டும் கோரிக்கை அனுப்பலாமா?

சோகநாசினிக்கரை:
அனுப்பிப் பயனில்லை. கூகுள் வந்து பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறது. அந்த எட்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் படியுங்கள். 6, 7, 8 மி.மீ. ஏலக்காய், கால் கிலோ, அரை கிலோ என்று அளவு மட்டும் மாறி, எழுதியிருப்பது ஒன்றாகவே இருக்கிறதா?

கம்பம்மெட்டு:
ஆமாம் அக்கா. ஐந்து பக்கங்களில் வரிக்கு வரி ஒன்றே. மீதி மூன்று பட்டை, கிராம்பு, ஜாதிபத்திரி. அவற்றில் விலையும் படமும் தவிர வேறு எதுவும் இல்லை.

சோகநாசினிக்கரை:
ஐந்தையும் ஒரே பக்கமாக்கி, அளவையும் எடையையும் அதிலேயே தேர்ந்தெடுக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். மற்ற நான்கு முகவரிகளையும் அந்தப் பக்கத்துக்குத் திருப்புங்கள். முன்பே இவற்றுக்குத் திருப்பிவிட்ட பழைய `/product/` முகவரிகளையும் இரண்டு முறை திரும்பும்படி விடாமல் நேராக அந்தப் பக்கத்துக்கே மாற்றுங்கள். மூன்று பக்கங்களுக்கு எழுத வேண்டியதைப் பெரியவரிடம் கேளுங்கள். பட்டையில் எது தடித்தது, எது சுருள், எதை எதற்கு வாங்குவார்கள் என்று கடையில் நின்று அவர் சொல்வதை அப்படியே எழுதினால் போதும். இது தணிக்கைக்குள் வராது, தனி வேலை. தொகையை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மறையூர்_விடுதி:
கம்பம்மெட்டு தம்பி, இது முடிந்ததும் மறையூருக்கு ஒருமுறை வர முடியுமா? என் தளத்துக்கும் அந்த ஐந்து லிங்க்குத் தாள் ஒன்று வேண்டும். முன்பணம் எவ்வளவு என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள்.